விபத்துப் பழுது பில்லில் பாகம், கூலி, பெயிண்ட் ஆகியவற்றைப் பிரித்து எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வேலை முடிந்தது, மொத்தம் இவ்வளவு என்று ஒரே வரியில் பில் போட்டுக் கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் திருப்பி அனுப்புகிறது?"

காப்பீட்டு நிறுவனம் பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து அதில் ஒரு பங்கைத் தருவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி விதியின்படி கணக்குப் போட்டு, கடைசியில்தான் கூட்டுகிறது. கண்ணாடிக்கு ஒரு விதி, பிளாஸ்டிக்குக்கு வேறு விதி, இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஒரு விதி, கூலிக்கு ஒன்று, பெயிண்டுக்கு மற்றொன்று என்று பாலிசியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. "விபத்துப் பழுது, 54,000 ரூபாய்" என்று மட்டும் எழுதப்பட்ட பில்லில் இந்த விதிகளில் எதையும் பொருத்திப் பார்க்க முடியாது. அதனால்தான் அது திரும்பி வருகிறது. திரும்பி வராவிட்டாலும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் தம் கையிலிருக்கும் எஸ்டிமேட்டை வைத்து ஊகமாகக் கணக்கிட நேர்கிறது, அந்த ஊகம் வண்டிக்காரருக்குச் சாதகமாக அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பக்கத்தில் சொல்லப்படுபவை தமிழ்நாட்டில் பதிவான, சொந்தப் பயன்பாட்டுக்கான காரின் சொந்தச் சேதக் காப்பீட்டைப் பற்றியவை. எதிர் வண்டிக்காரருக்குத் தரும் மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு இவை பொருந்தா.

"எந்தப் பாகத்துக்கு எவ்வளவு தேய்மானம் பிடிப்பார்கள்?"

2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் வகுக்கப்பட்ட அளவுகளே இன்றும் சாதாரண பாலிசிகளில் தொடர்கின்றன. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கும் வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் பாதி, அதாவது 50 சதவீதம், கழிக்கப்படும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை.

இவற்றில் சேராத மற்ற எல்லாப் பாகங்களுக்கும், நடைமுறையில் பெரும்பாலும் இரும்பு, அலுமினியப் பாகங்களுக்கு, வண்டியின் வயதைப் பார்க்க வேண்டும். 6 மாதம் வரை கழிவு இல்லை. அதன்பின் ஓராண்டு வரை 5 சதவீதம், 2 ஆண்டு வரை 10, 3 ஆண்டு வரை 15, 4 ஆண்டு வரை 25, 5 ஆண்டு வரை 35, 10 ஆண்டு வரை 40, அதற்கும் மேல் 50 சதவீதம். வயதைக் கணக்கிட வேண்டியது விபத்து நடந்த நாளில். பில் போட்ட நாளில் அல்ல. ஒரு கார் 2 ஆண்டு 11 மாத வயதில் மோதி, பாகம் வரத் தாமதமாகி, 3 ஆண்டு 1 மாதம் ஆனபோது பில் ஆகிறது என்றால், 15 சதவீதம்தான் கழிக்க வேண்டும். இந்த இடத்தில் 25 சதவீதம் போடப்பட்டிருந்தால் தயங்காமல் கேள்வி எழுப்பலாம்.

"பாகங்களை எந்த அளவுக்குப் பிரித்து எழுத வேண்டும்? ஒவ்வொரு ஸ்க்ரூவையுமா?"

பிரிக்க வேண்டிய அளவைத் தீர்மானிப்பது தேய்மான விதிதான். இரண்டு பொருள்களுக்கு வெவ்வேறு விதி பொருந்துமானால் அவை ஒரே வரியில் இருக்கக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

முன்பக்கக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். "விண்ட்ஷீல்டு செட்" என்று எழுதி, அதில் கண்ணாடி, சுற்றிலும் வரும் ரப்பர் பீடிங், ஒட்டும் பசை மூன்றையும் சேர்த்து ஒரே விலை போடுவது பல பட்டறைகளில் வழக்கமாக இருக்கிறது. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, ரப்பருக்குப் பாதி கழியும், பசையோ செலவழிந்துபோகும் பொருள் என்று முற்றிலும் விலக்கப்படலாம். மூன்றையும் மூன்று வரிகளாக எழுதினால், பெரிய தொகையான கண்ணாடி முழுமையாகக் கிடைக்கும், கேள்விக்குரிய சிறு தொகைகள் தனியே நிற்கும். ஒரே வரியாக எழுதினால் அந்தச் சிறு தொகைகளைப் பற்றிய கேள்வி முழு வரியையும் பிடித்துக்கொள்கிறது.

பம்பரும் அப்படித்தான். பம்பரின் வெளிக்கூடு பிளாஸ்டிக். உள்ளே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் பல கார்களில் இரும்பு. இரண்டையும் "பம்பர் அசெம்பிளி" என்று எழுதினால் முழுவதற்கும் 50 சதவீதம் கழிக்கப்படுவதே இயல்பு, ஏனெனில் பில்லைப் பார்ப்பவருக்குப் பம்பர் என்றாலே பிளாஸ்டிக்தான். உற்பத்தியாளர் இரண்டுக்கும் தனித்தனிப் பாக எண்ணும் விலையும் வைத்திருக்கும்போது அவற்றைத் தனித்தனியாக எழுதுவதில் பட்டறைக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஹெட்லைட், சைடு மிரர் போன்றவை ஒரே அசெம்பிளியாகவே விற்கப்படுபவை. அவற்றைப் பட்டறை தானாகப் பிரித்து விலை போட முடியாது, போடவும் கூடாது. அவை பொதுவாகப் பிளாஸ்டிக்காகவே கொள்ளப்படும்.

கிளிப், நட்டு, போல்ட், வாஷர், கிரீஸ், ஆயில், கூலண்ட், ஏசி கேஸ் ஆகியவற்றைச் செலவழிபொருள்கள் என்று தனித் தொகுதியாக எழுதுவது நல்லது. சாதாரண பாலிசியில் இவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. கன்ஸ்யூமபிள்ஸ் என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் கிடைக்கும். அவற்றைக் கூலிக்குள்ளோ பாக விலைக்குள்ளோ புதைத்து வைத்தால், கூடுதல் காப்பு எடுத்தவர் தமக்கு உரியதைக் கேட்க ஆதாரம் இல்லாமல் போகிறது.

ஒவ்வொரு பாக வரியிலும் உற்பத்தியாளரின் பாக எண், எச்.எஸ்.என். குறியீடு, எண்ணிக்கை, ஒன்றின் விலை, தள்ளுபடி இருந்தால் அது, ஜிஎஸ்டிக்கு உட்பட்ட மதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். பாக எண்ணை வைத்துத்தான் சர்வேயர் விலையைச் சரிபார்க்கிறார். அது இல்லாத பில் மேலும் ஒரு கேள்விக் கடிதத்தை வரவழைக்கும்.

"கூலியில் தேய்மானம் கிடையாது என்கிறார்கள். பிறகு அதில் என்ன பிரச்சினை வரும்?"

கூலிக்குத் தேய்மானம் இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த வேலைக்கான கூலி என்பது தெரிய வேண்டும். கழற்றி மாட்டும் கூலி ஒன்று. டிங்கரிங் எனப்படும் ஒடுக்கு எடுக்கும் கூலி வேறு. வீல் அலைன்மென்ட் போன்ற வெளிவேலை இன்னொன்று. இவற்றைப் பாகத்தின் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும்: "பானெட் கழற்றி மாட்ட", "இடது பின்கதவு டிங்கரிங்" என்பதுபோல.

வழக்கமாக இங்கே வெட்டு விழுவது இரட்டிப்புக்குத்தான். ஃபெண்டர் புதிதாக மாற்றப்பட்டிருக்கும்போது அதே ஃபெண்டருக்கு டிங்கரிங் கூலியும் எழுதப்பட்டிருந்தால் சர்வேயர் அதை நீக்கிவிடுவார், அது சரியும்கூட. அதேபோல், பம்பரைக் கழற்றினால்தான் ஹெட்லைட்டைக் கழற்ற முடியும் என்ற காரில், இரண்டுக்கும் முழுக் கழற்றுக் கூலி போடுவதும் ஏற்கப்படாது. "லேபர் மொத்தம் 9,000" என்று ஒரே வரியில் எழுதியிருக்கும் பில்லில் இப்படி நீக்க வேண்டியது எது என்று தெரியாததால், முழுத் தொகையையும் குறைத்துப் பேசும் நிலை வந்துவிடுகிறது.

"பெயிண்டுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே?"

பில்லில் அதிகம் குழப்பப்படும் பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயிண்ட் வேலையில் இரண்டு செலவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று பொருள்: பிரைமர், புட்டி, நிறப் பெயிண்ட், கிளியர் கோட், தின்னர், தேய்க்கும் தாள், மறைப்பு டேப். மற்றொன்று ஆளின் உழைப்பும் பெயிண்ட் பூத்தில் செலவாகும் நேரமும். பாலிசியின் விதி பொருள் செலவுக்கு மட்டும் 50 சதவீதத் தேய்மானம் பிடிக்கச் சொல்கிறது, உழைப்புக்கு எதுவும் பிடிக்கச் சொல்லவில்லை. இங்கே வண்டியின் வயது ஒரு பொருட்டே அல்ல.

பொருளையும் உழைப்பையும் பிரிக்காமல் ஒரு பேனலுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பில் போட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதே விதி பதில் வைத்திருக்கிறது. அப்போது மொத்தப் பெயிண்ட் தொகையில் 25 சதவீதத்தைப் பொருள் செலவு என்று கொண்டு, அந்த 25 சதவீதத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். அதாவது மொத்தப் பெயிண்ட் தொகையில் 12.5 சதவீதம் மட்டுமே கழியும். 10,000 ரூபாய் பெயிண்ட் பில்லில் 1,250 ரூபாய் குறைந்து 8,750 ரூபாய் ஏற்கப்படும்.

இதை அறியாமல் மொத்தப் பெயிண்ட் தொகையிலும் பாதியைக் கழித்துவிட்ட கணக்குத்தாள்கள் சில நேரங்களில் வருகின்றன. பெயிண்ட் வரி பாகங்களின் பட்டியலுக்குள் எழுதப்பட்டிருக்கும்போது இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. அதனால்தான் பெயிண்டைப் பாகங்களோடும் சேர்க்காமல், பொதுக் கூலியோடும் சேர்க்காமல், மூன்றாவது தொகுதியாக எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அந்தத் தொகுதிக்குள் ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்: பானெட், முன் பம்பர், இடது ஃபெண்டர் என்று. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிட்டு மொத்தத் தொகையைக் கேட்டால், விபத்தில் அடிபட்ட பேனல்களுக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும். எவை எவ்வளவு என்று பிரிக்க முடியாத பில்லில் அந்தப் பங்கும் குறைவாகவே மதிப்பிடப்படும்.

"அப்படியானால் பெயிண்டைப் பொருள், கூலி என்று இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் இன்னும் நல்லதுதானே?"

இல்லை, எப்போதும் நல்லதல்ல. பொருள் செலவு மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டும்போது, பிரித்து எழுதிய பில்லில் மொத்தமாக எழுதிய பில்லைவிட அதிகமாகவே கழியும். மெட்டாலிக், பேர்ல் நிறங்களில் பொருள் செலவு இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

என் கருத்தில் பட்டறை கடைப்பிடிக்க வேண்டிய நெறி இது: உங்கள் வழக்கமான விலைப்பட்டியல் பேனல் கணக்கில் இருந்தால், பில்லையும் பேனல் கணக்கிலேயே போடுங்கள். பாலிசி அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. அதில் மறைப்பு எதுவும் இல்லை. உங்கள் பெயிண்ட் பிரிவு உண்மையாகவே பொருளை அளந்து தனியாகவும் உழைப்பைத் தனியாகவும் விலை போடுகிறது என்றால், அதையே உள்ளபடி எழுதுங்கள். காப்பீட்டுக்காக மட்டும் பொருள் செலவைக் குறைத்துக் கூலியைக் கூட்டி எழுதுவது பொய் ஆவணம். வாடிக்கையாளரே கேட்டாலும் அதைச் செய்யக் கூடாது. சர்வேயருக்கு அந்த ஊரில் ஒரு பேனலுக்கு எவ்வளவு பொருள் ஆகும் என்பது நன்றாகவே தெரியும்.

"ஒரு உதாரணத்தை முழுக் கணக்கோடு காட்ட முடியுமா?"

1,500 சிசிக்கு உட்பட்ட ஒரு கார், விபத்து நாளில் அதன் வயது 3 ஆண்டு 4 மாதம், கூடுதல் காப்புகள் எதுவும் இல்லாத சாதாரண பாலிசி என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க இடது மூலையில் மோதல்; முன்கண்ணாடியும் விரிசல் விட்டிருக்கிறது. ஜிஎஸ்டி சேர்க்காத விலைகள் இவை.

| தொகுதி | வரி | தொகை (ரூ.) | கழிவு (ரூ.) | ஏற்கப்படுவது (ரூ.) |
|---|---|---|---|---|
| பாகம், கண்ணாடி | முன்கண்ணாடி | 7,000 | 0 | 7,000 |
| பாகம், இரும்பு | பானெட் | 8,400 | 2,100 | 6,300 |
| பாகம், இரும்பு | இடது ஃபெண்டர் | 3,600 | 900 | 2,700 |
| பாகம், பிளாஸ்டிக் | முன் பம்பர் | 4,800 | 2,400 | 2,400 |
| பாகம், பிளாஸ்டிக் | இடது ஹெட்லைட் | 6,200 | 3,100 | 3,100 |
| செலவழிபொருள் | கிளிப், பசை முதலியன | 1,000 | 1,000 | 0 |
| கூலி | கழற்றி மாட்ட | 5,000 | 0 | 5,000 |
| கூலி | இடது முன்கதவு டிங்கரிங் | 4,000 | 0 | 4,000 |
| பெயிண்ட் | 4 பேனல்கள், பேனல் கணக்கில் | 14,000 | 1,750 | 12,250 |
| மொத்தம் | | 54,000 | 11,250 | 42,750 |

இரும்புப் பாகங்களுக்கு வயதின்படி 25 சதவீதமும், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதமும் கழிந்திருக்கின்றன. பெயிண்ட் 14,000 ரூபாயில் கால் பங்கான 3,500 ரூபாய் பொருளாகக் கொள்ளப்பட்டு, அதில் பாதி 1,750 ரூபாய் கழிந்திருக்கிறது. இடம் கருதி இங்கே பெயிண்டை ஒரே வரியாகக் காட்டியிருக்கிறேன். பில்லில் பானெட், பம்பர், ஃபெண்டர், கதவு என்று நான்கு வரிகளாக இருக்க வேண்டும்.

பில்லின் மொத்தம், 18 சதவீத ஜிஎஸ்டியான 9,720 ரூபாயையும் சேர்த்து, 63,720 ரூபாய். ஏற்கப்பட்ட 42,750 ரூபாயோடு அதற்குரிய வரி 7,695 ரூபாயைச் சேர்த்தால் 50,445 ரூபாய். இதிலிருந்து, ஒவ்வொரு க்ளெய்மிலும் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். 1,500 சிசிக்கு மேற்பட்ட காராக இருந்தால் அது 2,000 ரூபாய். கழற்றிய பழைய பானெட்டையும் ஃபெண்டரையும் பட்டறையே வைத்துக்கொள்கிறது, அவற்றின் பழைய இரும்பு மதிப்பு 800 ரூபாய் என்று சர்வேயர் குறித்திருக்கிறார் என்றால் அதுவும் கழியும். காப்பீட்டு நிறுவனம் தருவது 48,645 ரூபாய். வண்டிக்காரர் கையிலிருந்து போவது 15,075 ரூபாய்.

இதே வேலைக்கு, கண்ணாடி நீங்கலான நான்கு பாகங்களையும் "முன்பக்க பாடி பாகங்கள் செட், 23,000" என்று ஒரே வரியாக எழுதியிருந்தால் என்ன ஆகும்? பிரித்தறிய வழியில்லாமல் முழுவதும் பிளாஸ்டிக் விகிதத்தில் போடப்பட்டால் 8,500 ரூபாய்க்குப் பதிலாக 11,500 ரூபாய் கழியும். ஜிஎஸ்டியோடு சேர்த்து வண்டிக்காரருக்கு 3,540 ரூபாய் கூடுதல் சுமை. பெயிண்டைப் பொருள் 8,400, கூலி 5,600 என்று பிரித்திருந்தால் கழிவு 1,750 ரூபாயிலிருந்து 4,200 ரூபாயாக உயர்ந்திருக்கும்; ஜிஎஸ்டியோடு வித்தியாசம் 2,891 ரூபாய். செய்த வேலையும் வாங்கிய பாகமும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"இப்போது எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டதே, இனியும் ஏன் பிரிக்க வேண்டும்?"

2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரை கார் பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமும், கூலிக்கு 18 சதவீதமும் வரி இருந்தது. பாகத்தின் மதிப்பையும் சேவையின் மதிப்பையும் தனித்தனியே காட்டும் பில்லில் அவையவற்றுக்கு உரிய விகிதமே பொருந்தும் என்று 2018 ஜூன் மாதத்தில் வெளியான 47ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருந்தது. அன்று பிரிப்பதற்கு வரியும் ஒரு காரணமாக இருந்தது. இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் நீங்கிவிட்டாலும், தேய்மானம் வரி விகிதத்தைப் பார்ப்பதில்லை. பொருளின் வகையைப் பார்க்கிறது. ஆகவே பிரிப்பதன் தேவை அப்படியே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய பில்களில் பழைய விகிதம் இருப்பது தவறல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

"கேஷ்லெஸ் முறையில் பில் யார் பெயரில் போட வேண்டும்?"

ஏற்கப்பட்ட தொகைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரிலும் அதன் ஜிஎஸ்டி எண்ணிலும் ஒரு பில், வண்டிக்காரர் தரும் மீதித் தொகைக்கு அவர் பெயரில் இன்னொரு பில் என்று இரண்டாகப் போடுவதே சிக்கலில்லாத முறை. 2024 ஜூன் 26 தேதியிட்ட 217ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை, நிறுவனத்தின் பெயரில் பில் இருந்தால் அது உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம் என்றும், பில் அதன் பெயரில் இல்லாவிட்டால் எடுக்க முடியாது என்றும் கூறுகிறது. வண்டிக்காரர் முதலில் பணம் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் முறைக்கும் இது பொருந்தும். அதனால் பில் யார் பெயரில் வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பில் எண்ணை உருவாக்குவது நல்லது. பெயர் தவறிய பில்லைத் திருத்தக் கிரெடிட் நோட் போட்டு மறுபடி பில் போட வேண்டியிருக்கும், அதற்குள் கோப்பு கிடப்பில் விழுந்துவிடும்.

இரண்டு பில்களையும் சேர்த்துப் பார்த்தால் முழு வேலையும் தெரிய வேண்டும். அதற்காக ஒரே ஜாப் கார்டு எண்ணையும், வண்டிப் பதிவு எண்ணையும், க்ளெய்ம் எண்ணையும் இரண்டிலும் எழுதுங்கள்.

"எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு பாகம் வேலையின் நடுவே உடைந்திருப்பது தெரிந்தது. பில்லில் சேர்த்துவிடலாமா?"

சர்வேயர் பார்ப்பதற்கு முன் சேர்க்கக் கூடாது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர் தாங்கி வளைந்திருப்பதும், உள் பிராக்கெட் உடைந்திருப்பதும் தெரியவரும். இது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். அப்போது வேலையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கழற்றிய நிலையில் படம் எடுத்து, துணை எஸ்டிமேட் ஒன்றைத் தயாரித்து, சர்வேயரின் ஒப்புதலைப் பெற வேண்டும். புதிய பாகத்தை மாட்டிவிட்டுப் பிறகு சொன்னால், அது விபத்தில் உடைந்தது என்பதை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. உடைந்த பாகத்தை, வேலை முடிந்தபின் நடக்கும் மறு ஆய்வு வரை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

பில்லின் வரிசையும் பெயர்களும் எஸ்டிமேட்டின் வரிசையையும் பெயர்களையும் பின்பற்றினால் சரிபார்ப்பு விரைவாக முடியும். எஸ்டிமேட்டில் "மாற்ற" என்று ஒப்புதல் பெற்ற கதவு, பில்லில் டிங்கரிங் செய்யப்பட்டதாக இருந்தால் கூலி மட்டுமே கிடைக்கும். டிங்கரிங் என்று ஒப்புதல் பெற்றதை மாற்றிவிட்டால், முன்னரே பேசி அனுமதி வாங்காதவரை, புதிய கதவின் விலை கிடைக்காது.

"ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்திருக்கிறேன். எனக்குப் பிரித்த பில் தேவையா?"

தேவை. அந்தக் காப்பு தேய்மானத்தை மட்டுமே நீக்குகிறது. மேலே காட்டிய கணக்கில் தேய்மானமாகப் போன 10,250 ரூபாயும் அதன் வரியும் உங்களுக்குக் கிடைத்துவிடும், உங்கள் பங்கு 15,075 ரூபாயிலிருந்து 2,980 ரூபாயாகக் குறையும். ஆனால் செலவழிபொருளும் கட்டாயக் கழிவும் பழைய பாக மதிப்பும் அப்படியே நிற்கின்றன. டயர், பேட்டரி போன்றவற்றுக்கு இந்தக் காப்பு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும் என்பதால் அவையும் தனி வரிகளில் இருக்க வேண்டும்.

"எங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. பாகத்தை நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். இது செல்லுமா?"

செல்லும். பதிவு இல்லாத பட்டறை தன் பெயர், முகவரி, தொடர் எண், தேதி, வண்டி எண் ஆகியவற்றோடு கூலிக்கும் பெயிண்டுக்கும் சாதாரண பில் தரலாம். அதில் வரி வசூலிக்கக் கூடாது. பாகங்களுக்கு நீங்கள் கடையில் வாங்கிய வரி பில்லின் மூலப் பிரதியை, பாக எண்ணோடும் முடிந்தால் உங்கள் வண்டிப் பதிவு எண்ணோடும், சேர்த்துக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது பட்டறையின் பில்லில் அதே பாகங்களின் விலை மறுபடி வரவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள பட்டறையும் வரியைத் தனியே வசூலிக்க முடியாது என்பதால் அந்தப் பில்லில் ஜிஎஸ்டி வரி இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம் தரும். கூலி, பெயிண்ட் ஆகியவற்றுக்கு இப்படிப்பட்ட பட்டறையில் பணம் கட்டிய ரசீதையோ வங்கிப் பரிமாற்ற ஆதாரத்தையோ கட்டாயம் இணைக்க வேண்டும்.

"எதிர்பார்த்ததைவிடக் குறைவான பணம் வந்திருக்கிறது. எங்கே குறைத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

சர்வேயரின் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பில்லோடு பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்கும்போது, முதலில் பெயிண்ட் வரியைப் பாருங்கள்: மொத்தப் பெயிண்ட் தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கழிந்திருந்தால், பில் பேனல் கணக்கில் இருக்கும்பட்சத்தில், கணக்குத் தவறு. அடுத்து இரும்புப் பாகங்களின் விகிதத்தை விபத்து நாள் வயதோடு ஒப்பிடுங்கள். பிறகு இரும்புப் பாகம் ஏதேனும் பிளாஸ்டிக் தலைப்பின் கீழ் போயிருக்கிறதா, கண்ணாடியில் ஏதேனும் கழிந்திருக்கிறதா, கூலியில் எந்த வரி நீக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, ஏற்கப்பட்ட தொகைக்குரிய ஜிஎஸ்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

தவறு இருந்தால் முழுத் தொகையையும் எதிர்த்து எழுதாமல், அந்த வரியையும் பாலிசியில் உள்ள விதியையும் மட்டும் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், அதன்பின் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலும் முறையிடலாம். பிரித்து எழுதிய பில்லும் சர்வேயரின் அறிக்கையும் அந்த முறையீட்டோடு இணைக்கப்பட வேண்டும்.